இயந்திரம் நிறுவ 12 நாள் ஜெர்மனிப் பயணம்: விசா, காப்பீடு, வேலை நேரம்

"எங்கள் நிறுவனம் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலைக்கு பேக்கிங் இயந்திரம் விற்றிருக்கிறது. அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டிவிட்டு வர என்னை 12 நாள் அனுப்புகிறார்கள். பிசினஸ் விசா போதும், விசாவுக்கு எடுக்கும் ட்ராவல் இன்சூரன்ஸே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். அங்கே போனதும் தினமும் 14 மணி நேரம் வேலை பார்த்து முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பது மேலாளர் சொல்வது. இதெல்லாம் சரிதானா?"

விசா விஷயத்தில் அவர்கள் சொல்வது பாதி சரி. காப்பீட்டில் பெரும்பாலும் தவறு. 14 மணி நேரம் என்பது முழுத் தவறு. இயந்திரம் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் இந்தப் பயணக் காகிதங்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். சிக்கல் வந்த பயணங்களை எடுத்துப் பார்த்தால் காரணம் ஒன்றாகவே இருக்கும். பயணி அங்கே தன் கையால் என்ன செய்யப் போகிறார் என்பதை யாரும் ஒரு வாக்கியமாக எழுதி வைத்திருக்க மாட்டார்கள். விற்பனைப் பிரிவு 'வாடிக்கையாளர் சந்திப்பு' என்று எழுதும், அழைப்புக் கடிதத்தில் 'தொழில்நுட்ப ஆலோசனை' என்று இருக்கும், காப்பீட்டுப் படிவத்தில் 'அலுவலகப் பயணம்' என்று இருக்கும். உண்மையில் அந்த மனிதர் ஸ்பேனரும் மல்டிமீட்டரும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

முதலில் விசாவைப் பார்ப்போம். ஜெர்மனியும் சேர்ந்த ஷெங்கன் பகுதிக்கான குறுகிய கால விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். எத்தனை நாள் தங்கலாம் என்பதைத்தான் இது சொல்கிறது. என்ன செய்யலாம் என்பதை நீங்கள் போகும் நாட்டின் சட்டம் தனியாகத் தீர்மானிக்கிறது. ஜெர்மனியில் இதற்கு வேலைவாய்ப்பு ஒழுங்குமுறை ஆணை ஒன்று இருக்கிறது. அதன் 16ஆம் பிரிவு பேச்சுவார்த்தை நடத்துவது, ஒப்பந்தம் போடுவது, ஒப்பந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்ப்பது போன்றவற்றுக்கு. பொதுவாக 'பிசினஸ் விசிட்' என்று நாம் சொல்வது இதுதான். உங்கள் வேலை இதற்குள் வராது.

உங்களுக்கானது 19ஆம் பிரிவு. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் ஆர்டர் செய்து வாங்கிய இயந்திரத்தைப் பொருத்த, பராமரிக்க, பழுது பார்க்க, இயக்கக் கற்றுத்தர அந்த நிறுவனமே தன் ஊழியரை அனுப்பலாம் என்று அது சொல்கிறது. 12 மாதத்தில் 90 நாள் வரை இப்படி வந்து வேலை செய்ய, வழக்கமாகத் தேவைப்படும் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவையில்லை. குறுகிய கால விசாவிலேயே போகலாம். அவர்கள் சொன்னதில் பாதி சரி என்றேனே, அது இதனால்தான்.

மீதிப் பாதி இரண்டு நிபந்தனைகளில் இருக்கிறது. ஒன்று, வேலை தொடங்குவதற்கு முன்பே உங்கள் முதலாளி ஜெர்மனியின் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமைக்கு இந்தப் பயணத்தைப் பற்றி அறிவித்திருக்க வேண்டும். இது அனுமதி கேட்பதல்ல, தெரியப்படுத்துவது மட்டும்தான். ஆனால் தெரியப்படுத்தாவிட்டால் இந்த விலக்கே கிடையாது. இந்த ஒரு காகிதத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விசா விண்ணப்பத்தோடு அதன் நகலையும் வைத்துவிடுங்கள்.

இரண்டு, இயந்திரம் உங்கள் முதலாளியிடம்தான் ஆர்டர் செய்யப்பட்டிருக்க வேண்டும். பில் போட்டது யார் என்று பாருங்கள். குழுமத்தின் இன்னொரு நிறுவனம் விற்றது, அல்லது இடையில் ஒரு முகவர் வாங்கி விற்றார் என்றால் 19ஆம் பிரிவின் வாசகத்துக்குள் நீங்கள் பொருந்தமாட்டீர்கள். அப்படியானால் டிக்கெட் எடுக்கும் முன்பே தூதரகத்திடம் எழுதிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரை இப்போதே எடுத்து, விற்பவர் பெயரையும் உங்கள் சம்பளச் சீட்டில் உள்ள நிறுவனத்தின் பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதே ஆர்டரில் 'பொருத்தித் தருவதும் இயக்கிக் காட்டுவதும் விற்பவர் பொறுப்பு' என்ற வரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வரி ஜெர்மனியில் மட்டும் உதவுவதல்ல. அமெரிக்காவின் வணிகப் பயணிகளுக்கான பி-1 விசாவிலும் வெளிநாட்டில் வாங்கிய இயந்திரத்தைப் பொருத்தலாம், ஆனால் விற்பனை ஒப்பந்தத்திலேயே அந்தச் சேவை எழுதப்பட்டிருக்க வேண்டும், சம்பளமும் அமெரிக்காவிலிருந்து வரக்கூடாது. பிரிட்டனின் விசிட்டர் விதியும் வாங்கியதற்கோ வாடகைக்கு எடுத்ததற்கோ ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்கிறது. கட்டட வேலையை அமெரிக்க விதி இந்தச் சலுகையிலிருந்து வெளியே வைத்துவிடுகிறது. 2025 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் கட்டுமானத்தில் இருந்த ஒரு பேட்டரி ஆலையில் சுமார் 475 பேரைப் பிடித்து வைத்தார்கள். அதில் 300க்கும் மேற்பட்டோர் தென்கொரியர்கள், அவர்களில் பலர் குறுகிய கால அனுமதியில் வந்தவர்கள். கொரிய அரசு பேச்சுவார்த்தை நடத்திய பிறகு, இயந்திரம் பொருத்தும் வேலையை பி-1இல் செய்யலாம் என்று அமெரிக்கா மறுபடி உறுதி சொன்னது. விதி முன்பும் அதேதான். இருந்தும் தளத்தில் இருந்த ஒவ்வொருவரும், தான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதைத் தானே காட்ட வேண்டிய நிலைமை வந்தது. அந்த நேரத்தில் கையில் இருக்கும் காகிதம்தான் பேசும்.

நாள் கணக்கில் ஒரு சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேரை மாட்டிவிடுவது. ஷெங்கனில் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே முழு நாளாகக் கணக்கில் சேரும். விசா ஒட்டியில் 'எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை' என்று ஒரு கட்டம் இருக்கும், 'எத்தனை நாள் தங்கலாம்' என்று இன்னொன்று இருக்கும். தேதி இன்னும் இரண்டு வாரம் ஓடும், நாள் எண்ணிக்கை முடிந்திருக்கும். எண்ணிக்கைதான் எல்லை. 12 நாள் என்று கேட்டு 12 நாள் வாங்கிக்கொண்டு போய், ஒன்பதாம் நாள் ஒரு சர்வோ டிரைவ் எரிந்துபோனால் என்ன செய்வீர்கள்? விசாவை அங்கேயே நீட்டிக்க எதிர்பாராப் பேரிடர், மனிதாபிமானக் காரணம், மிகத் தீவிரமான சொந்தக் காரணம் ஆகியவை மட்டுமே ஏற்கப்படும். உதிரிபாகம் வரத் தாமதம் என்பது அதில் எதுவுமில்லை. ஆகவே விண்ணப்பிக்கும்போதே, கமிஷனிங், அதாவது இயந்திரத்தை இயக்கிக் காட்டுவது, தள்ளிப்போக வாய்ப்பு உண்டு என்று வாடிக்கையாளரின் அழைப்புக் கடிதத்தில் எழுதச் சொல்லி 20 நாள் கேளுங்கள். காரணம் எழுதியிருந்தால் கேட்பதில் தவறில்லை.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது பொதுவாக வாங்க மாட்டார்கள். முடிவு சொல்ல 15 நாள், சந்தேகம் இருந்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். இயந்திரம் கப்பல் ஏறும் அன்றே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுவது எங்கள் வழக்கம்.

சரி, காப்பீட்டுக்கு வருவோம். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அவசர மருத்துவம், அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, நோயாளியையோ உடலையோ நாடு திருப்பி அனுப்புவது ஆகியவற்றுக்கு அது. அந்த விதியின் கவலை, வந்தவரின் மருத்துவச் செலவு அந்த நாட்டின் தலையில் விழக்கூடாது என்பதே. நீங்கள் வேலை செய்யும்போது காயம்பட்டால் என்ன ஆகும் என்று அது யோசிக்கவே இல்லை.

இதை நான் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். எங்கள் குழுவில் ஒருவருக்கு வெளிநாட்டில் கன்வேயர் செயினைச் சரிசெய்யும்போது விரல் நசுங்கியது. அறுவை சிகிச்சை நடந்தது. பாலிசி கையில் இருந்தது, பணம் கட்டியிருந்தோம், தேதி எல்லாம் சரி. ஆனால் விலக்குகள் பகுதியில் 'உடலுழைப்பு வேலையால் ஏற்படும் காயம்' என்ற ஒரே வரியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். செலவை நிறுவனம் கொடுத்தது. ஆனால் அந்தப் பதில் வரும் வரை அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்துக்கொண்டு, பில்லை யார் கட்டப் போகிறார்கள் என்று தெரியாமல் இருந்த அந்த மூன்று நாளை என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பாலிசியை வாங்க ஒப்புதல் கையெழுத்துப் போட்டவன் நான்.

பல சாதாரண பயணப் பாலிசிகளில் இந்த விலக்கு உண்டு. கூட்டத்தில் உட்கார்ந்து பேசுபவரை மனதில் வைத்து எழுதிய பாலிசிகள் அவை. ஆகவே பாலிசியை வாங்குவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் வேலையை உள்ளபடி எழுதிக் கேளுங்கள்: 'எங்கள் ஊழியர் இயந்திரப் பாகங்களைப் பொருத்துவார், மின் இணைப்பு கொடுப்பார், இரண்டு மீட்டர் உயரத்தில் ஏணியில் நிற்க வேண்டியிருக்கும். இதில் ஏற்படும் காயத்துக்கு இந்தப் பாலிசி பொருந்துமா?' போனில் முகவர் 'அதெல்லாம் கவர் ஆகும் சார்' என்பார். அது செல்லாது. எழுத்தில் பதில் வந்தால்தான் கணக்கு. இல்லை என்று பதில் வந்தால், உடலுழைப்பையும் சேர்த்துக்கொள்ளும் இணைப்போ நிறுவனங்களுக்கான குழுப் பயணப் பாலிசியோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

பயணப் பாலிசி சரியாக இருந்தாலும் இன்னொரு அடுக்கு பாக்கி இருக்கிறது. வேலையில் ஊனம் ஏற்பட்டால் இழப்பீடு தருவது ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடு. பல பாலிசிகள் ஒரு நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். உங்கள் மனிதவளப் பிரிவிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: நம் பாலிசியில் 'புவியியல் எல்லை' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? வெளிநாட்டுத் தற்காலிகப் பணியும் சேரும் என்று இருந்தால் நல்லது. இல்லையென்றால் பயணத்துக்கு முன் நீட்டிக்கச் சொல்ல வேண்டும். உங்கள் நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால், நீங்கள் சொந்த நாட்டுத் திட்டத்திலேயே தொடர்கிறீர்கள் என்ற சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாட்டிலும் சந்தா கட்டச் சொல்லிக் கேட்காமலிருக்க அது உதவும்.

காப்பீட்டு நாட்களும் விசா நாட்களோடு ஒத்துப்போகட்டும். விசா 20 நாளுக்கு வாங்கிவிட்டு, பாலிசி 12 நாளோடு முடிந்தால் தாமதமான அந்த எட்டு நாளில்தான் நீங்கள் களைப்போடு, அவசர அவசரமாக வேலை செய்துகொண்டிருப்பீர்கள். விபத்து நடப்பதும் அப்போதுதான். அப்புறம் ஒன்று, வேலை முடிந்து இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு வரலாம் என்று நினைத்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிறுவனப் பாலிசி பணி நாட்களோடு நின்றுவிடக்கூடும்.

இனி வேலை நேரம். மேலாளர்கள் வழக்கமாக நினைப்பது, சம்பளம் இங்கே வருவதால் இங்கத்திய விதிதான் என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது எடுபடாது. வெளிநாட்டு முதலாளி அனுப்பிய ஊழியருக்கும், அவர் வேலை செய்யும் நாட்டின் அதிகபட்ச வேலை நேரம், குறைந்தபட்ச ஓய்வு, பணிப் பாதுகாப்பு ஆகிய விதிகள் பொருந்தும். 1996ஆம் ஆண்டின் அனுப்பப்பட்ட ஊழியர்களுக்கான ஒன்றிய வழிகாட்டுதலின் அடிப்படை இது. ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் நிறுவனங்களுக்கு உள்ளே இருப்பவர்களைவிடச் சலுகை தரக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. ஜெர்மனி தன் சட்டத்தில் இதை வெளிநாட்டு முதலாளிகளுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறது.

ஜெர்மானிய வேலை நேரச் சட்டத்தில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம். 10 மணி நேரம் வரை நீட்டலாம், ஆனால் ஆறு மாத அல்லது 24 வார சராசரி 8க்குள் வர வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குவதற்குள் 11 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு. 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிடம், 9 மணி நேரத்துக்கு மேல் என்றால் 45 நிமிடம் இடைவேளை, இது வேலை நேரத்தில் சேராது. சனிக்கிழமை வேலை நாள்தான். ஞாயிறு கிடையாது. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் 'சீக்கிரம் முடிக்க வேண்டும்' என்பது அவற்றில் ஒன்றல்ல.

உங்கள் பயணத்தையே இதில் போட்டுப் பார்ப்போம். சனிக்கிழமை காலை இறங்குகிறீர்கள். ஞாயிறு ஓய்வு. திங்கள் முதல் சனி வரை ஆறு நாள், மறுபடி ஞாயிறு ஓய்வு, பிறகு திங்கள், செவ்வாய். புதன்கிழமை விமானம். மொத்தம் 12 நாள், அதில் வேலை நாள் எட்டு. மேலாளர் சொன்னபடி முதல் வாரம் ஆறு நாளும் 14 மணி நேரம் என்றால் 84 மணி. சட்டப்படி எட்டு நாளும் 10 மணி நேரம் என்றால் 80 மணி. அதாவது இவ்வளவு ஆபத்தை எடுத்தும் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது நான்கே மணி நேரம், அதுவும் 13ஆவது, 14ஆவது மணியில் ஒருவர் செய்யும் வேலை. அந்த நேரத்தில் தவறாகப் பொருத்திய சென்சார்களைக் காலையில் கழற்றி மாட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். வாதாடுவதைவிட அது வேலை செய்யும்.

ஒரு நாள் எப்படி இருக்கும்? காலை 7க்குத் தொடங்கி 45 நிமிட இடைவேளையோடு மாலை 5.45க்கு 10 மணி நேரம் முடிந்துவிடும். ஏதோ கோளாறு வந்து இரவு 8.45க்குத்தான் வெளியே வந்தீர்கள் என்றால் வரம்பு ஏற்கெனவே மீறியாகிவிட்டது, அதோடு மறுநாள் 7.45க்கு முன் உள்ளே நுழைய முடியாது. 11 மணி நேர ஓய்வை நினைவில் வைத்தாலே அடுத்தடுத்த இரவுகள் தானாகவே கட்டுக்குள் வந்துவிடும். வாடிக்கையாளரின் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியோ ஷிப்ட் பொறுப்பாளரோ உங்களை வாசலில் நிறுத்தினால் அவரை எதிரியாக நினைக்காதீர்கள். தங்கள் இடத்தில் நடக்கும் மீறலுக்குத் தாங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர்கள் கவலைப்படுகிறார்கள். தினமும் தொடங்கிய நேரம், இடைவேளை, முடித்த நேரம் மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி, முடிந்தால் அவர்களிடம் கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.

சம்பளத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, அதைத் தவறாகப் புரிந்துகொண்டுதான் '8 நாளுக்குள் என்றால் எந்த விதியும் கிடையாது' என்ற பேச்சு பரவியிருக்கிறது. விற்ற இயந்திரத்தை முதன்முறையாகப் பொருத்தும் திறன்மிக்க ஊழியரின் பணி எட்டு நாளுக்கு மேல் போகாவிட்டால், அந்த நாட்டின் ஊதிய விதியும் விடுப்பு விதியும் பொருந்தாது. கட்டட வேலைக்கு இந்த விலக்கு இல்லை. வேலை நேரமும் ஓய்வும் இதில் சேரவே சேராது, முதல் நாளிலிருந்தே பொருந்தும். உங்கள் பணி திங்கள் தொடங்கி அடுத்த செவ்வாய் முடிகிறது, நடுவில் வரும் ஞாயிறையும் சேர்த்தால் ஒன்பது நாள். எட்டைத் தாண்டிவிட்டது என்றே எடுத்துக்கொண்டு, ஜெர்மனியின் குறைந்தபட்ச ஊதியம் அந்த மணிகளுக்கு வருகிறதா என்று சம்பளப் பிரிவு பார்க்கட்டும். 2026 ஜனவரி முதல் அது மணிக்கு 13.90 யூரோ. 80 மணிக்கு 1,112 யூரோ. ஹோட்டல், சாப்பாடு, பயணச் செலவுக்காகத் தரும் படியை இதில் சம்பளமாகக் காட்ட முடியாது. வெளிநாட்டுப் பணிக்கென்று தனியாகத் தரும் படியைக் காட்டலாம். ஆகவே இரண்டையும் ஒரே தொகையாக 'தினப்படி' என்று போடாமல் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

விமானத்தில் போகும் நேரம் வேலை நேரமா என்று அடுத்து கேட்பீர்கள். ஜெர்மனியின் உச்ச தொழிலாளர் நீதிமன்றம் 2018இல் ஒரு வழக்கில், வெளிநாட்டுப் பணிக்காகப் போகவும் வரவும் ஆகும் தேவையான பயண நேரத்துக்கு வேலைக்குப்போல் ஊதியம் தர வேண்டும் என்று சொன்னது. அது ஜெர்மானிய நிறுவனம் தன் ஊழியரை வெளியே அனுப்பிய வழக்கு, உங்கள் ஒப்பந்தத்துக்கு நேரடியாகப் பொருந்தாது. உங்களுக்கு உங்கள் நாட்டுச் சட்டமும் நிறுவன விதியும்தான். அதனால் கிளம்பும் முன்பே பயண நாட்களுக்கும், அங்கே கழியும் ஞாயிறுக்கும் என்ன கணக்கு என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். திரும்பி வந்த பிறகு கேட்டால் அது சச்சரவாகிவிடும்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: அழைப்புக் கடிதம், பொருத்தித் தரும் வரி உள்ள ஆர்டர் பக்கம், முகமைக்கு அனுப்பிய அறிவிப்பு, பாலிசியும் காப்பீட்டாரின் எழுத்துப் பதிலும், திரும்பும் டிக்கெட். கருவிப் பெட்டியைக் கொண்டுபோவதானால் ஏ.டி.ஏ. கார்னே என்ற சுங்க ஆவணமும் சேரும், இல்லையென்றால் கருவிகளுக்கு வரி கேட்டு உட்கார வைத்துவிடுவார்கள். எல்லையில் அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் 'மீட்டிங்' என்று சொல்லிவிடாதீர்கள். பெட்டியில் ஸ்பேனர் இருக்கும்போது அந்த ஒரு சொல் எல்லாக் காகிதத்தையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும். 'எங்கள் நிறுவனம் விற்ற இயந்திரத்தைப் பொருத்த வந்திருக்கிறேன், எட்டு நாள் வேலை, முகமைக்கு அறிவித்திருக்கிறோம்' என்று சொல்லி அந்தத் தாளை நீட்டுங்கள்.